சுவரில் ஐந்து சட்டங்கள், படிவத்தில் ஒரு வெற்றுக் கட்டம்

ஊரில் இருந்த எங்கள் வளவு வீட்டில் எனக்கு வரவேண்டிய பங்கைப் பங்காளிகளிடமே கொடுத்து முடித்து, வரி கட்டியது போக 36 லட்ச ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது 2023ஆம் ஆண்டின் இறுதியில். அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாதச் சம்பளம், சேமநிதி, வங்கி வைப்பு ஆகிய மூன்றைத் தவிர வேறு பண விவகாரம் எனக்குப் பழக்கமில்லை. கணவர் காலமாகிவிட்டார், மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இவ்வளவு பெரிய தொகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அறியாமல் இருந்த நாளில், காரைக்குடியில் உறவினர் ஒருவரின் அறுபதாங்கல்யாண வீட்டில்தான் அந்த ஆலோசகர் அறிமுகமானார். அவருடைய பெயரையோ அலுவலகம் இருக்கும் தெருவையோ எழுதப் போவதில்லை. ஆனால் அந்த அலுவலகச் சுவரில் நான் என்ன பார்த்தேன், பார்த்தது எதைக் குறிக்கும் என்று தவறாக நினைத்தேன் என்பதை விளக்கமாக எழுதவே இதைத் தொடங்கினேன். ஏனெனில் என்னை ஏமாற்றிய சான்றிதழ்களில் ஒன்றுகூடப் போலி இல்லை.

வாசலில் பெயர்ப் பலகையில் அவருடைய பெயருக்குக் கீழே 'நிதி ஆலோசகர், வெல்த் அட்வைசர்' என்று இருந்தது. உள்ளே அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஐந்து சட்டங்கள் மாட்டியிருந்தன. இரண்டில் தேசியப் பங்குச்சந்தைக் கல்வி நிறுவனம் என்று நாம் சொல்லக்கூடிய என்.ஐ.எஸ்.எம். முத்திரை இருந்தது. அவற்றுள் ஒன்றில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு என்றும் மற்றொன்றில் முதலீட்டு ஆலோசகர் தேர்வு, முதல் நிலை என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூன்றாவது, நிதித் திட்டமிடல் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டதற்கானது. மற்ற இரண்டும் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த விருதுகள். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் சி.எஃப்.பி. என்ற எழுத்துகளும் இருந்தன. எனக்கு அந்தச் சுவர் மிகுந்த நம்பிக்கையைக் கொடுத்தது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, 'எவ்வளவு படித்தவர் பார்' என்று மகனுக்கு அனுப்பினேன். பதினைந்து மாதம் கழித்து அதே படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், விநியோகஸ்தர் தேர்வுச் சான்றிதழின் அடியில் இருந்த செல்லுபடித் தேதி என் கண்ணில் பட்டது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு முந்தைய ஆண்டிலேயே அது முடிந்திருந்தது.

2024 ஜனவரியில் நடந்தது இதுதான். 'ஆச்சி, உங்க வயசுக்கும் தேவைக்கும் ஏத்த மாதிரி ஒரு திட்டம் போட்டுத் தர்றேன்' என்றார். அதற்குக் கட்டணம் 25,000 ரூபாய் என்றார். கொடுத்தேன். ரசீது தந்தார், அதில் பதிவு எண் எதுவும் இல்லை. பத்து நாளில் வண்ணப் படங்களுடன் முப்பது பக்கத் திட்ட அறிக்கை வந்தது. 6 லட்சம் வங்கியில் இருக்கட்டும், மியூச்சுவல் ஃபண்டுகளில் 12 லட்சம் ஒரு பங்குத் திட்டத்தில், 18 லட்சம் பங்கும் கடன்பத்திரமும் சேர்ந்த இரண்டு கலப்புத் திட்டங்களில் என்று அதில் இருந்தது. மறுநாளே அவருடைய அலுவலகப் பெண் மூன்று படிவங்களுடன் வீட்டுக்கு வந்து, பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். படிவ நகலை வாங்கி இரும்புப் பெட்டியில் வைக்கும் பழக்கம் மட்டும் எங்கள் வீட்டு வழக்கம். பிற்பாடு என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

செப்டம்பரில் தொலைபேசியில் அழைத்தார். நான் போட்டிருந்த பங்குத் திட்டம் போதுமான அளவு ஏறிவிட்டது, புதிய திட்டம் ஒன்று பத்து ரூபாய்க்கே கிடைக்கிறது, அதற்கு மாற்றிவிடலாம் என்றார். 12 லட்சம் 13,80,000 ஆகியிருந்தது. எட்டே மாதத்தில் இவ்வளவா என்ற மகிழ்ச்சியில் சரி என்றேன். பத்து ரூபாய் என்பது விலை மலிவு என்று பொருள்படாது, புதிதாகத் தொடங்கும் திட்டத்தின் முகமதிப்பு மட்டுமே என்பதும், ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது வரிக் கணக்கில் விற்பனையாகவே கொள்ளப்படும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஓராண்டுக்குள் வெளியேறியதால் வெளியேற்றக் கட்டணமாக ஒரு சதவீதம், அதாவது 13,800 ரூபாய் பிடித்தார்கள். மீதி இலாபம் 1,66,200. அது குறுகிய கால மூலதன ஆதாயம் ஆகிவிட்டதால் 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 34,570 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. ஓய்வூதியமும் வட்டியும் ஏற்கெனவே வரி வரம்பைத் தாண்டியிருந்ததால் தப்பிக்க வழியில்லை. இன்னும் நான்கு மாதம் பொறுத்திருந்தால் அது நீண்ட கால ஆதாயமாகி, முதல் 1,25,000 ரூபாய்க்கு வரியே இல்லாமல், மிச்சத்துக்கு 12.5 சதவீதம் மட்டும் ஆகியிருக்கும். வெளியேற்றக் கட்டணமும் இருந்திருக்காது. 2025இல் வருமான வரிக் கணக்கு எழுதும் ஆடிட்டர் அலுவலகத்தில் இதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கம். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அதற்குச் சில வாரம் முன்பே, ஏப்ரலில், என் எல்லா ஃபண்டுகளையும் ஒன்றாகக் காட்டும் கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வந்திருந்தது. முந்தைய அக்டோபரிலும் வந்தது, நான் திறக்கவே இல்லை. இந்த முறை கடவுச்சொல்லுக்குப் பான் எண்ணை இட்டுத் திறந்தேன். மார்ச், செப்டம்பர் மாதங்களில் முடியும் அரையாண்டுக்கான அறிக்கையில் மட்டும், விநியோகஸ்தருக்கு ஃபண்ட் நிறுவனங்கள் கொடுத்த கமிஷன் சதவீதமாக அல்லாமல் ரூபாயாகவே அச்சிட்டிருக்கும். என் அறிக்கையில் ஆறு மாதத்துக்கு 13,940 ரூபாய் என்று இருந்தது. அது என் பணத்திலிருந்து நாள்தோறும் கழிக்கப்படும் செலவின் ஒரு பகுதி. கமிஷன் வாங்குவது குற்றமில்லை, விநியோகஸ்தருக்கு அதுதான் வருமானம். ஆனால் ஆலோசனைக்கு 25,000 வாங்கியவர் கமிஷனையும் எப்படி வாங்கலாம் என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் சுவரில் இருந்த சட்டங்கள் ஒவ்வொன்றின் பொருளும் விளங்கியது.

முதலில் விநியோகஸ்தர் சான்றிதழ். மியூச்சுவல் ஃபண்ட் விற்க விரும்புகிறவர் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ வரிசைத் தேர்வில் தேறவேண்டும். தேறிய பிறகு ஆம்ஃபி என்ற ஃபண்ட் நிறுவனங்களின் சங்கத்தில் பதிவு செய்து ஏ.ஆர்.என். என்ற எண்ணைப் பெறவேண்டும். தேர்வுச் சான்றிதழ் மூன்றாண்டுதான் செல்லும். மறுபடி தேர்வு எழுதியோ தொடர்கல்விப் பயிற்சிக்குப் போயோ புதுப்பிக்காவிட்டால் எண்ணும் உயிரோடு இருக்காது. ஆக, சட்டத்தில் மாட்டிய தாள் அவர் ஒரு நாள் தேறினார் என்பதற்கு மட்டுமே சாட்சி. இன்று விற்க அனுமதி உண்டா என்பதை amfiindia.com தளத்தில் விநியோகஸ்தரைத் தேடும் பக்கத்தில் எண்ணையோ பெயரையும் ஊரையுமோ இட்டால் பார்த்துவிடலாம். எண் எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் அங்கேயே வரும். நான் அவருடைய பெயரை இட்டேன், நடப்பில் உள்ள பதிவு எதுவும் வரவில்லை. என் கணக்கு அறிக்கையில் இருந்த எண்ணை இட்டேன், நான் கேள்விப்பட்டே இராத மதுரை நிறுவனம் ஒன்றின் பெயர் வந்தது.

அப்போதுதான் இரும்புப் பெட்டியிலிருந்து படிவ நகல்களை எடுத்தேன். மேல் வரிசையில் விநியோகஸ்தரின் எண் மதுரை நிறுவனத்தினுடையது. அதற்குப் பக்கத்தில் EUIN என்று ஒரு கட்டம். நிறுவனத்தின் பெயரில் விற்பனை நடந்தாலும் நம்மிடம் நேரில் பேசி விற்ற ஆள் யார் என்பதைக் காட்டுவதற்காக, தேர்வு தேறிய ஒவ்வொரு விற்பனையாளருக்கும் E என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட தனி எண் உண்டு, அதை எழுதும் இடம் அது. மூன்று படிவத்திலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி. அந்தக் கட்டத்தை நான் தெரிந்தே காலியாக விட்டதாகவும், விற்பனையாளர் எவரும் என்னிடம் பேசாமலோ ஆலோசனை சொல்லாமலோ, அல்லது இது பொருந்தாது என்று சொல்லியும் கேளாமலோ நானே இந்த முதலீட்டைச் செய்வதாகவும் அதில் இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து, மூன்று முறை. ஒரு கையால் ஆலோசனைக்கு 25,000 ரூபாய் கொடுத்துவிட்டு, மறு கையால் எவரும் எனக்கு ஆலோசனை சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைப் படிப்பவர்கள் வேறெதை மறந்தாலும் அந்தக் கட்டத்தை மட்டும் பாருங்கள். விற்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது காலியாக இருந்தால், உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்திடாமல், உங்கள் எண்ணை எழுதுங்கள் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே போதிய விடை.

எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடை வைத்து வியாபாரம் செய்யப் போனவர். அந்தக் காலத்துக் கடைகளில் ஆளின் பெயரை விட விலாசம்தான் முக்கியம் என்று அப்பச்சி சொல்வார். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த அந்த விலாசத்தைப் பார்த்தால், நாளைக்குப் பணம் கேட்டு யாருடைய முகப்பில் போய் நிற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். ஏ.ஆர்.என். எண்ணும் அந்த வேலையைத்தான் செய்கிறது. நான் முகத்தைப் பார்த்துவிட்டு விலாசத்தைப் பார்க்காமல் விட்டேன்.

இரண்டாவது சட்டம்தான் எல்லாவற்றையும் விட நுட்பமானது. முதலீட்டு ஆலோசகர் தேர்வு, பத்து-ஏ வரிசை. அது நிஜமான சான்றிதழ், அவர் படித்துத் தேறியதும் நிஜம், எளிய தேர்வும் அல்ல. 150 மதிப்பெண், மூன்று மணி நேரம், தேற 60 சதவீதம் வேண்டும், தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிப்பார்கள். ஆனால் அதற்கு மேல் பத்து-பி என்ற இரண்டாம் நிலைத் தேர்வு இருக்கிறது. இரண்டிலும் தேறி, உரிய படிப்புத் தகுதியைக் காட்டி, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபியிடம் விண்ணப்பித்துப் பதிவு பெற்றால்தான் ஒருவர் முதலீட்டு ஆலோசகர் ஆகிறார். அந்தப் பதிவு எண் INA என்று தொடங்கி ஒன்பது இலக்கத்துடன் இருக்கும், sebi.gov.in தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியலில் சரிபார்க்கலாம். இவருக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் தேறிய சான்றிதழைக் காட்டிப் பேருந்து ஓட்டியதுபோல என்று என் மகன் சொன்னான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

2020ஆம் ஆண்டு திருத்தப்பட்ட செபி விதிகளின்படி, ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர் தம்மைச் சுயேச்சை நிதி ஆலோசகர் என்றோ வெல்த் அட்வைசர் என்றோ அவை போன்ற பெயர்களாலோ அழைத்துக்கொள்ளக் கூடாது. பெயர்ப் பலகையிலும் கார்டிலும் தாம் ஆம்ஃபியில் பதிவு பெற்ற மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் என்று குறிக்கவேண்டும். பதிவு பெற்ற ஆலோசகரோ, முதலில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தான பிறகே நம்மிடம் கட்டணம் வாங்கவேண்டும், அதே வாடிக்கையாளருக்கு ஃபண்ட் விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. ஆகவே வாசல் பலகையே எனக்கு எச்சரிக்கை செய்திருக்கிறது. நான்தான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

கார்டில் இருந்த சி.எஃப்.பி. எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. அது நிதித் திட்டமிடலுக்காக உலக அளவில் வழங்கப்படும் தகுதி. முதலீடு, ஓய்வுக்காலமும் வரியும், இடர்ப் பாதுகாப்பும் சொத்து வாரிசுரிமையும் என்று பல பகுதிகளில் தேறி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்குத் திட்டம் வகுக்கும் தேர்வையும் முடித்த பிறகே கிடைக்கும். பிறகும் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். வழங்கும் அமைப்பான எஃப்.பி.எஸ்.பி. தளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்க்க முடியும். இவருடைய பெயர் அங்கே இல்லை. நேரில் கேட்டபோது, 'படிச்சுக்கிட்டிருக்கேன் ஆச்சி, இன்னும் ரெண்டு பேப்பர்தான் பாக்கி' என்றார். உண்மையில் அந்தத் தகுதி இருந்திருந்தாலும், அது அறிவுக்குச் சான்றே தவிர, கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்வதற்கான அனுமதி ஆகாது. அனுமதி செபி எண்ணில்தான் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு வீம்பு பிடித்தது. அந்த விநியோகஸ்தர் தேர்வை நானே எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். 1,500 ரூபாயும் அதற்கு மேல் வரியும் கட்டிப் பதிவு செய்தேன், பான் எண் அவசியம் கேட்டார்கள். பாடநூலை என்.ஐ.எஸ்.எம். தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டு ஐந்து வாரம் படித்தேன். மதுரை மையத்தில் கணினி முன் உட்கார்ந்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என் மாணவர்களின் வயதில் இருந்தார்கள். 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்குக் கழிவு இல்லை. 78 வாங்கினேன். பாடநூல் நல்ல நூல் என்றே சொல்வேன். அறங்காவலர் யார், ஃபண்ட் நிறுவனத்தின் வேலை என்ன, அலகு மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது, வெளியேற்றக் கட்டணம் எங்கே கழிகிறது என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. புதிய திட்டத்தின் பத்து ரூபாய் மலிவல்ல என்பதும், கமிஷனுக்காக வாடிக்கையாளரைத் திட்டம் விட்டுத் திட்டம் மாற்றக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கின்றன. அதைப் படித்துத் தேறியவர்தான் எனக்குச் செப்டம்பரில் தொலைபேசியில் பேசியவர். இன்னொன்றும் புரிந்தது. ஐந்து வாரம் படித்த நான் இன்றைக்கு ஒரு சட்டம் வாங்கி அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். ஆனால் என் 30 லட்சத்தை எங்கே எவ்வளவு போடவேண்டும் என்று அந்தத் தேர்வு எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது விற்பவர் பொருளை அறிந்து விற்கவேண்டும் என்பதற்கான தேர்வு.

பணத்தைத் திரும்பப் பெற நடந்த நடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரசீது, திட்ட அறிக்கை, சுவரின் படம், படிவ நகல், தளங்களில் தேடியபோது வந்த விடைகளின் அச்சுப் படிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகத் தைத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது முறை போனபோது, ஆம்ஃபிக்கும் செபிக்கும் எழுதி வைத்திருந்த கடிதங்களின் நகலை மேசையில் வைத்தேன். அந்த வாரமே 15,000 ரூபாய் வந்தது, மீதி 10,000 வரவில்லை. கடிதங்களை அனுப்பத்தான் செய்தேன். மதுரை நிறுவனத்துக்கும் எழுதினேன், அவர்கள் அவரைத் தங்கள் ஆள் இல்லை என்று பதில் தந்தார்கள். உறுதிமொழியில் என் கையெழுத்து இருந்ததால் அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. திரும்பாத கட்டணம், வெளியேற்றக் கட்டணம், வரி மூன்றையும் ஐந்தொகை போட்டால் 58,370 ரூபாய். கமிஷனை நான் இதில் சேர்க்கவில்லை, யார் மூலம் போட்டிருந்தாலும் அது போயிருக்கும்.

இதே நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு ஒரு தவறு செய்யக்கூடும், நானும் செய்யப் பார்த்தேன். கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்று தோன்றும். அந்த மாற்றமும் விற்பனைதான், வெளியேற்றக் கட்டணமும் வரியும் மறுபடி வரும். ஆனால் திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு விநியோகஸ்தரின் எண்ணை மட்டும் மாற்றக் கேட்டால் அது விற்பனை ஆகாது, வரியும் இல்லை, பழைய விநியோகஸ்தரின் சம்மதமும் தேவையில்லை. நான் அதைத்தான் முதலில் செய்தேன். காரைக்குடியிலேயே வேறொருவரிடம் போனேன். சிறிய கடை, சுவரில் ஒரு காலண்டர் மட்டும். 'நான் ஆலோசகர் இல்ல ஆச்சி, விநியோகஸ்தர். கமிஷன் வரும், உங்ககிட்ட தனியா ஒண்ணும் வாங்கமாட்டேன்' என்று அவராகவே சொல்லி, எண்ணும் செல்லுபடித் தேதியும் அச்சிட்ட கார்டைக் கொடுத்தார். படிவத்தில் EUIN கட்டத்தை எனக்கு எதிரிலேயே நிரப்பினார். ஓராண்டு கடந்த பகுதிகளை, ஒவ்வொரு நிதியாண்டிலும் ஆதாயம் 1,25,000 ரூபாய்க்குள் நிற்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக நேரடித் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். அவருக்கு அதில் நட்டம் என்று தெரிந்தும், எந்தப் பகுதிக்கு எப்போது ஓராண்டு முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

சென்ற மாதம் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பழைய ஆலோசகரின் அலுவலகத்தைக் கடந்து வந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகச் சுவர் தெரிந்தது. விநியோகஸ்தர் சான்றிதழ் புதிதாக மாறியிருந்தது, புதுப்பித்துவிட்டார் போலும். முதலீட்டு ஆலோசகர் தேர்வுச் சான்றிதழ் அதே இடத்தில் இருந்தது. வாசல் பலகையில் வெல்த் அட்வைசர் என்ற சொற்களின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். 'நிதி ஆலோசகர்' என்பது அப்படியே இருந்தது. கைப்பேசியை எடுத்து அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.